கன்பூசியம் மதமா, மரியாதையா? ஒரு ஜேசா இரவுக்குப் பிறகு

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 3, இரவு 11.10

கன்பூசியத்தை ஏன் மதப் பட்டியலில் சேர்க்கிறார்கள்? எனக்கு அது தவறாகப் படுகிறது.

நான் தென்கொரியாவில் ஜொன்ஜு ஊரில் நான்கு வருடமாக இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வாரம் அவருடைய அப்பாவின் நினைவு நாள் படையல், இங்கே ஜேசா என்பார்கள். நள்ளிரவில் நடக்கும், விருப்பமிருந்தால் வந்து பார் என்று கூப்பிட்டார். போனேன்.

ஒரு திரைத்தட்டி, அதன் முன்னால் உயரமான மேசை. நடுவில் தாளில் எழுதிய பெயர்ப்பட்டை. சோறு, சூப்பு, மீன், இறைச்சி, பேரிக்காய், சீமை இலந்தை, கஷ்கொட்டை. வீட்டுக்காரர் ஊதுவத்தி ஏற்றினார், மணல் போட்ட கிண்ணத்தில் கொஞ்சம் மது ஊற்றினார், எல்லோரும் தரையில் நெற்றி படும்படி இரண்டு முறை வணங்கினார்கள். மூன்று தடவை மது படைத்தார்கள். ஒரு தாளை வைத்து ஏதோ படித்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டையே சாப்பிட்டோம்.

கடவுள் இல்லை. பூசாரி இல்லை. கோயில் இல்லை. பாவம், மோட்சம் என்று ஒரு வார்த்தை இல்லை. "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டதற்கு "எங்களுக்கு மதமே கிடையாது" என்றார். அப்பா உயிரோடு இருந்தபோது காட்டிய மரியாதையை அவர் போன பிறகும் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். இதை மதம் என்றால் பெரியவர்களைக் கண்டு எழுந்து நிற்பதும் மதம்தான்.

கீழவாசல் | அக்டோபர் 4, காலை 7.45

சரியாகச் சொன்னீர்கள். கன்பூசியஸ் நாத்திகர். ஆவிகளை எப்படிச் சேவிப்பது என்று சீடர் கேட்டபோது, மனிதர்களையே ஒழுங்காகச் சேவிக்கத் தெரியாதபோது ஆவிகளை எப்படிச் சேவிப்பாய் என்று திருப்பிக் கேட்டார். சாவைப் பற்றிக் கேட்டதற்கு, வாழ்வே இன்னும் தெரியவில்லையே என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

நான் தூத்துக்குடி கத்தோலிக்கன். எங்கள் சபையே இந்த முன்னோர் வழிபாட்டை முதலில் தடை செய்து, பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் "இது மதம் இல்லை, நாட்டு வழக்கம்" என்று ஏற்றுக்கொண்டது. போப்பாண்டவரே சொன்ன பிறகு நமக்கென்ன சந்தேகம்?

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 4, பகல் 1.20

நன்றி. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வீட்டுக்காரரின் மூத்த மருமகள் கத்தோலிக்கர். அவர் மற்றவர்களோடு சேர்ந்து தரையில் விழுந்து வணங்கினார். இளைய மகன் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர். அவர் வணங்கவில்லை, கையைக் கட்டித் தலை குனிந்து நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே அறை, ஒரே மேசை. அண்ணிக்கு அது மரியாதை, கொழுந்தனுக்கு அது விக்கிரக வழிபாடு. இது என் வாதத்துக்குச் சாதகமா பாதகமா என்று எனக்கே பிடிபடவில்லை.

மரப்பலகை | அக்டோபர் 4, இரவு 9.30

முதல் பதிவிலிருந்து வருகிறேன். "கோயில் இல்லை" என்பது ஜொன்ஜுவில் இருந்துகொண்டு சொல்லக்கூடாத வார்த்தை. உங்கள் ஊரிலேயே ஹ்யாங்க்யோ இருக்கிறது. பழைய பள்ளி, உள்ளே கன்பூசியஸின் பெயர்ப்பலகை வைத்த மண்டபம். கொரியாவில் இப்படிப்பட்ட இடங்களில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அவருக்குப் படையல் உண்டு. சீனத்தில் ஒரு காலத்தில் இந்த மண்டபங்களில் அவருக்குச் சிலையே இருந்தது. 1530இல் மிங் அரசர் ஒருவர் சிலைகளை எடுத்துவிட்டு மரப்பலகை வைக்கச் சொன்னார். சிலை என்றால் புத்தர் கோயில் மாதிரி ஆகிவிடுகிறது என்பது அப்போதே இருந்த சண்டை.

கீழவாசல், நீங்கள் சொன்ன உரையாடல் கன்பூசியஸின் வாசகங்களைத் தொகுத்த லுன்யூவில் இருக்கிறது, உண்மை. ஆனால் அதே லுன்யூவில், முன்னோருக்குப் படைக்கும்போது அவர்கள் அங்கே இருப்பது போலப் படைக்க வேண்டும் என்றும் வருகிறது. கூடவே, படையலில் நானே கலந்துகொள்ளாவிட்டால் அது படைக்காததற்குச் சமம் என்கிறார். நாத்திகர் இதைச் சொல்ல மாட்டார். ஆத்திகரும் "இருப்பது போல" என்று சொல்ல மாட்டார், "இருக்கிறார்கள்" என்பார். அந்தப் "போல" என்ற சொல்லில்தான் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடச் சண்டையும் இருக்கிறது.

வத்திக்கான் தேதியும் தவறு. அனுமதி வந்தது 1939 டிசம்பரில், பன்னிரண்டாம் பயஸ் காலத்தில். சங்கம் கூடியது அறுபதுகளில். விவரம் நாளை எழுதுகிறேன்.

குடித்தனக்காரரே, ஒரு கேள்வி. மூன்றாவது மதுவுக்குப் பிறகு என்ன நடந்தது? ஒரு கட்டத்தை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தாமிரபரணி | அக்டோபர் 5, காலை 6.15

இதைப் படித்ததும் என் விஷயத்தைக் கேட்கத் தோன்றியது. அம்மா தவறி இரண்டு வருடம். நான் ஒரே பெண். சித்தப்பா மகன்தான் திதி கொடுக்க வேண்டும், பெண் கொடுத்தால் சேராது என்கிறார்கள். அவனுக்கு அம்மாவின் முகமே சரியாக ஞாபகம் இல்லை. வரும் மகாளய அமாவாசைக்கு நானே கொடுக்கலாமா? கொரியாவில் பெண்கள் செய்கிறார்களா?

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 5, இரவு 10.50

மரப்பலகை சொன்னது சரி. ஒரு கட்டத்தை விட்டுவிட்டேன். மறக்கவில்லை. அது என் வாதத்துக்கு ஒத்துவராததால் மனது தானாக ஒதுக்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது மது வைத்ததும் வீட்டுக்காரர் சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, கரண்டியைச் சோற்றின் நடுவில் நிமிர்த்திக் குத்தினார். குச்சிகளை ஒரு தட்டின் மேல் எடுத்து வைத்தார். பிறகு நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார். இருட்டான நடையில் ஒன்பது பேர் பேசாமல் நின்றோம். ஒன்பது வாய் சோறு சாப்பிடும் நேரம் நிற்க வேண்டுமாம். பிறகு அவர் மூன்று தடவை தொண்டையைக் கனைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே போனதும் சூப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைத்து, அதில் மூன்று கரண்டி சோறு போட்டார்கள். கடைசியில் அந்தப் பெயர் எழுதிய தாளை வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினார்கள்.

கனைத்தது எதற்கு? உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லாமல் திறக்கக் கூடாது என்பதற்கு. வேறு காரணம் இருக்க முடியாது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மேசையில் பீச் பழம் இல்லாததைக் கவனித்து மூத்த மருமகளிடம் கேட்டேன். பீச் ஆவிகளை விரட்டும், மாமனாரின் அப்பா வர முடியாது என்றார். மிளகாய்ப் பொடியும் பூண்டும் கூடச் சேர்ப்பதில்லையாம். வெறும் மரியாதைச் சாப்பாடு என்றால் பீச்சுக்கு என்ன தடை?

முதல் பதிவில் எழுதிய "அவ்வளவுதான்" என்பதை எடுத்துவிடுகிறேன்.

மரப்பலகை | அக்டோபர் 5, இரவு 11.40

அந்தக் கதவு பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சூ ஷியின் குடும்பச் சடங்கு நூலிலேயே இருக்கிறது. கொரிய வீடுகள் பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்பவைதான். தாளுக்குப் பதில் நிரந்தரமாக வைக்கும் பெயர்ப்பலகைக்கும் அந்த வழியில் அளவு உண்டு. கஷ்கொட்டை மரம். அடித்தட்டு நான்கு அங்குலச் சதுரம், நான்கு பருவத்துக்காக. உயரம் பன்னிரண்டு அங்குலம், பன்னிரண்டு மாதத்துக்காக. அது சீன அங்குலம், நம் அளவுகோலை வைத்துப் பார்க்காதீர்கள். நான்கு தலைமுறை வரை வீட்டில் இருக்கும், அதற்கு மேல் போனால் எடுத்துவிடுவார்கள்.

ஆனால் சீக்கிரம் மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். சுன்ஸி என்று ஒருவர் இருந்தார், கன்பூசிய வழியின் மூன்று பெரிய ஆசிரியர்களில் ஒருவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. மழைக்காகப் படைத்தால் மழை வருகிறதே, ஏன் என்று கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை, படைக்காவிட்டாலும் பெய்திருக்கும் என்கிறார். அவரேதான் படையலைக் கைவிடவே கூடாது என்றும் சொல்கிறார். போனவர் மேல் உள்ள ஏக்கம் திடீரென்று வந்து நெஞ்சை அடைக்கும், அதற்கு ஓர் உருவம் வேண்டும், அதுதான் சடங்கு என்பது அவர் விளக்கம். தெரிந்தவர்களுக்கு இது மனிதர் காரியம், சாதாரண ஜனங்களுக்கு ஆவிகளின் காரியம் என்று பிரித்தே சொல்லிவிட்டார். அதே கதவு, அதே கனைப்பு, இரண்டு பேர் இரண்டு விதமாக நிற்கலாம்.

கீழவாசல் | அக்டோபர் 6, காலை 8.05

1939 சரிதான், தேடிப் பார்த்தேன். அறுபதுகளில் எங்கள் தாத்தா ஊரில் மாற்றம் வந்ததை வைத்துக் குழப்பிக்கொண்டேன். ஆனால் என் கேள்வி நிற்கிறது. சபை ஏன் முதலில் தடை செய்தது?

மரப்பலகை | அக்டோபர் 6, இரவு 10.15

மத்தேயோ ரிச்சி என்ற இயேசு சபைக்காரர் 1582இல் மக்காவ் வந்தார். சீனப் படிப்பாளிகளோடு பழகி, முன்னோர் படையலும் கன்பூசியஸ் வணக்கமும் நன்றி காட்டும் வழக்கம், கிறிஸ்தவனானவன் செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தார். பின்னால் வந்த தோமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் கிராமங்களில் வேலை செய்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு: பலகைக்கு முன் விழுந்து பிள்ளை வரம், நல்ல விளைச்சல் கேட்கும் ஜனங்கள். சுன்ஸி பிரித்த அதே இரண்டு கூட்டம். ஒருவர் படித்தவர் வீட்டையும் மற்றவர் கிராமத்தையும் பார்த்துவிட்டு, இருவருமே "சீனச் சடங்கு இதுதான்" என்று ரோமுக்கு எழுதினார்கள். 1645இல் ரோம் கூடாது என்றது. 1656இல் இயேசு சபையார் தங்கள் விளக்கத்தைக் கொடுத்ததும் சரி என்றது.

1700இல் இயேசு சபையார் காங்சி பேரரசரிடமே போனார்கள். பலகையில் ஆவி குடியிருப்பதாக நாங்கள் கருதவில்லை, நன்றிக்காகத்தான் வைக்கிறோம், சரிதானே என்று எழுதிக் கேட்டார்கள். சரி என்றார் அரசர். ரோமில் இது எடுபடவில்லை. தங்கள் வேதத்துக்குள் வரும் ஒரு கேள்விக்கு வேறு நாட்டு அரசர் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று பார்த்தார்கள். 1704இல் தடை, 1715இல் அதை உறுதி செய்த ஆணை, 1742இல் விவாதமே கூடாது என்ற ஆணை. 1715 ஆணையைப் படித்துவிட்டுத்தான் 1721இல் காங்சி இனி இவர்கள் இங்கே போதிக்க வேண்டாம் என்று எழுதினார்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்ட துர்னோன் 1703இல் முதலில் இறங்கியது புதுச்சேரியில். மதுரையில் தெ நோபிலி தொடங்கிய வழியில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்திருந்த பல வழக்கங்களை 1704இல் அங்கிருந்தே தடை செய்துவிட்டுத்தான் சீனத்துக்குக் கப்பல் ஏறினார். இரண்டு ஊரிலும் ஒரே கேள்வி: இது ஊர் வழக்கமா, வேறு மதமா?

கீழவாசல் | அக்டோபர் 6, இரவு 11.00

தெ நோபிலியை எங்களுக்குத் தெரியும். இந்தத் துர்னோன் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் வீட்டில் கல்லறைத் திருநாளில் தாத்தா கல்லறையில் மெழுகுவத்தி வைத்து, அவருக்குப் பிடித்த பூவைப் போடுவோம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. சீனர்களிடம் மட்டும் ஏன் கேட்டார்கள் என்று யோசிக்கிறேன்.

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 8, மாலை 6.30

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஜொன்தோங் தேவாலயத்துக்குப் போனேன். சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் சிவப்புச் செங்கல் கட்டடம். நானும் எத்தனையோ முறை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று இதுவரை கேட்டதில்லை.

யுன் ஜி-சுங் என்று ஒரு படித்த குடும்பத்துக்காரர். கத்தோலிக்கரானவர். முன்னோர் படையல் கூடாது என்று 1790இல் பெய்ஜிங் ஆயரிடமிருந்து கொரியாவுக்குப் பதில் வந்தது. யுன் வீட்டிலிருந்த முன்னோர் பலகைகளை எரித்துவிட்டார். 1791இல் அவருடைய அம்மா இறந்தார். துக்க உடை போட்டார், அடக்கம் செய்தார், ஆனால் பலகை வைக்கவில்லை, படைக்கவில்லை. செய்தி அரசுக்குப் போனது. விசாரணையில் அவர் சொன்னது, பலகை தச்சன் செய்த மரம், அதற்கும் எனக்கும் ரத்த உறவு இல்லை, அதைப் பெற்றோர் என்று எப்படிச் சொல்வேன் என்பது. அந்த டிசம்பரில் இங்கேதான் அவரையும் அவருடைய உறவினர் குவோன் சாங்-யோனையும் தலை வெட்டினார்கள்.

மரியாதைக் குறைவுக்கு யாரும் தலையை எடுப்பதில்லை. அப்படியானால் மதம்தானே? அதுவும் சரியாக ஒட்டவில்லை. பலகையில் ஆவி இருக்கிறது, நீ அதை எரித்துவிட்டாய் என்று அரசு குற்றம் சாட்டவில்லை. தகப்பனும் இல்லை, அரசனும் இல்லை என்று ஆக்கிவிட்டாய் என்பதுதான் குற்றம். பலகை மரம் என்பதில் யுன்னுக்கும் சுன்ஸிக்கும் சண்டையே வந்திருக்காது.

மேடான் தமிழன் | அக்டோபர் 9, பகல் 12.40

அரசாங்கம் என்றதும் எங்கள் இந்தோனேசியக் கதையைச் சொல்கிறேன். இங்கே அடையாள அட்டையில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்துக் கடைச் சீனர் குடும்பம் கொங்ஹுசு, அதாவது கன்பூசிய மதம். 1965இல் அரசு பெயர் சொல்லிக் குறித்த ஆறு மதங்களில் அது ஒன்று. 1967இல் சீன வழக்கங்களை வெளியில் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது, எழுபதுகளின் கடைசியில் மதப் பட்டியலிலிருந்தும் போய்விட்டது. அவர் அட்டையில் பல வருடம் "புத்தம்" என்றுதான் இருந்தது. கொங்ஹுசு முறைப்படி நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மாட்டார்கள். 2000இல் குஸ் துர் அதிபராக இருந்தபோது 1967 உத்தரவை நீக்கினார். 2006இல் அட்டையிலும் கல்யாணப் பதிவிலும் திரும்ப வந்தது.

அவர்களுக்கு வழிபாட்டுக் கூடம் இருக்கிறது, குரு இருக்கிறார், வானம் என்கிற ஒரே இறைவன் இருக்கிறார். அவரிடம் போய்க் "கன்பூசியம் மதம் இல்லை, மரியாதை" என்று சொன்னால், கல்யாணத்தைப் பதிவு செய்ய அலைந்த நாட்களை உங்களுக்குச் சொல்வார். சீனத்திலோ அரசு ஏற்கும் ஐந்து மதங்களில் அது இல்லை. ஹாங்காங்கில் போனால் மதம்.

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 9, இரவு 9.20

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கேட்பவரைப் பொறுத்து ஒருவர் பதில் மாறுகிறது. காங்சியிடம் கேட்டது தடையிலிருந்து தப்ப, அதனால் "மதமில்லை". ஜகார்த்தாவில் கேட்டது உரிமை பெற, அதனால் "மதம்". என் வீட்டுக்காரரிடம் நான் கேட்டது எதையும் பெறவோ தப்பவோ இல்லை, சும்மா கேட்டேன். அதனால் அவர் யோசிக்காமலே "இல்லை" என்றாரோ?

மரப்பலகை | அக்டோபர் 9, இரவு 10.30

பாதிதான் ஒப்புக்கொள்வேன். கேட்பவரைப் பொறுத்தது என்று விட்டுவிட்டால் அந்த நடையில் நீங்கள் நின்ற நேரம் கணக்கில் வராமல் போய்விடுகிறது. அங்கே யாரும் உங்களை எதுவும் கேட்கவில்லை.

"மதம்" என்று நாம் பேசுவதற்குச் சீனத்தில் இன்று சொல்லும் சொல்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜப்பானியர் வழக்கிலிருந்து வந்தது. கன்பூசியஸிடம் இருந்தது "லி" என்ற சொல். நான் முறை என்று மொழிபெயர்ப்பேன். விருந்தாளியை வரவேற்பதும் லி, செத்த அப்பாவுக்குப் படைப்பதும் லி. நாம் நடுவில் கோடு போடுகிறோம், அவர் போடவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் விடாமல் பிடித்துக்கொண்டவரும் இல்லை. சணல் தொப்பிக்குப் பதில் பட்டுத் தொப்பி வந்தபோது, சிக்கனம்தானே, நானும் ஊரோடு போகிறேன் என்றார். படிக்குக் கீழே நின்று வணங்குவதை விட்டு மேலே ஏறி வணங்க ஆரம்பித்தபோது, அது அகம்பாவம், ஊரே செய்தாலும் நான் கீழேதான் நிற்பேன் என்றார்.

இன்னொரு இடம், லீஜி என்ற பழைய சடங்குத் தொகுப்பில். செத்தவரை முழுக்கச் செத்தவராக நடத்துவது அன்பில்லாத செயல், முழுக்க உயிருள்ளவராக நடத்துவது அறிவில்லாத செயல் என்கிறார். அதனால் கூடப் புதைக்கும் யாழில் நரம்பு இருக்கும், சுருதி சேர்த்திருக்காது. மணி இருக்கும், மாட்டும் சட்டம் இருக்காது. மதமா இல்லையா என்ற கேள்வியை அந்தச் சுருதி சேர்க்காத யாழிடம் கேட்டுப் பாருங்கள்.

தாமிரபரணி | அக்டோபர் 10, காலை 5.50

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 10, காலை 8.15

மன்னியுங்கள். உங்கள் ஊர் சாஸ்திரம் எனக்குத் தெரியாது, கொரியாவில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். வழக்கப்படி மூத்த மகன்தான் முதல் மது படைப்பார். இரண்டாவதை அவர் மனைவி படைப்பதும் பழைய முறைதான், இந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், குடும்பத்தில் ஒத்துவராவிட்டால் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் மூத்த வாரிசே சடங்கை முன்னின்று நடத்துபவர் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் 2008 தீர்ப்பு மூத்த மகனுக்குத்தான் முதலிடம் கொடுத்தது.

மரப்பலகை | அக்டோபர் 10, காலை 9.00

தாமிரபரணி, நானே கலந்துகொள்ளாவிட்டால் படைக்காததற்குச் சமம் என்ற வரி உங்களுக்கும் பொருந்துமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் புரோகிதர் அதை ஒப்புக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

மாடிக் குடித்தனம் | அக்டோபர் 12, இரவு 11.30

வாடகை கொடுக்கக் கீழே போனபோது வீட்டுக்காரரிடம் வேறு மாதிரி கேட்டேன். மதமா என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தியிருக்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன்.

ஒன்பது வாயை எண்ணுவேன் என்றார். அவர் அப்பாவுக்குக் கடைசி வருடங்களில் பல் இல்லை, மெதுவாகத்தான் சாப்பிடுவாராம். அதனால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் நேரம் விட்டு எண்ணுவாராம். தம்பி எண்ணினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அவனுக்கு அது தெரியாது, அவன் அப்போது சியோலில் இருந்தான் என்றார்.

அவர் வருவார் என்று நம்புகிறீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

கீழவாசல் | அக்டோபர் 13, காலை 7.20

கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பதில் தெரிய வேண்டும்.

தாமிரபரணி | அக்டோபர் 14, மாலை 4.10

இன்று காலை ஆற்றில் நானே எள்ளும் தண்ணீரும் விட்டேன். சித்தப்பா வரவில்லை, அவர் மகன் மட்டும் வந்து கரையில் நின்றான். வீட்டில் இலை போட்டு, அம்மாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அம்மா வேகமாகச் சாப்பிடுவாள்.